வெள்ளெழுத்து: கண்ணின் குறையா, அச்சின் குறையா?

தமிழில் ‘வெள்ளெழுத்து’ என்றால், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலுள்ள எழுத்து மங்கத் தொடங்கும் பார்வைக் குறை என்று பொருள். அச்சுத் தொழிலில் வேறொரு வெள்ளெழுத்து உண்டு. அடர்ந்த நிறத்தில் அச்சிட்ட பரப்பின் நடுவே, மை படாமல் விடப்பட்டதால் வெண்மையாகத் தெரியும் எழுத்து அது. அச்சகத்தில் அதனை ‘ரிவர்ஸ்’ என்பார்கள். மசாலாப் பெட்டியின் பின்புறத்திலும் மருந்து அட்டையின் ஓரத்திலும் பூச்சிமருந்துப் பொட்டலத்திலும் இந்த ரிவர்ஸ் எழுத்துகள் பொடிப்பொடியாக நிறைந்திருக்கின்றன. அவற்றைப் படிக்க இயலாதபோது வாங்குபவர் முதல் வெள்ளெழுத்தின் மீதே பழியைப் போடுகிறார். “கண்ணாடியை எடுத்து வரவில்லை” என்று சொல்லிவிட்டு, படிக்காமலேயே பொருளைக் கூடையில் போடுகிறார். பல வேளைகளில் இது தன் கண்ணுக்கு அவர் இழைக்கும் அநீதி. எழுத்தின் சில உறுப்புகள் அந்த அட்டையில் இல்லவே இல்லை. இல்லாத கோட்டை எந்தக் கண்ணாடியாலும் மீட்க முடியாது.

ஏன் இல்லாமற்போகின்றன என்பதையும், அந்த இழப்பு இந்திய மொழிகளில் ஏன் வெறும் அழகுக் குறையாக நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து அச்சாகும்போது எழுத்தே மையாக இருக்கிறது. ரிவர்ஸில் எழுத்தைச் சுற்றியுள்ள பரப்புதான் மை. எழுத்து அந்த மையில் விடப்பட்ட இடைவெளி. தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கும் போர்வையிலிருந்து தாளுக்கும் அழுத்தப்படும்போது மை தன் எல்லையைச் சற்றுத் தாண்டிப் பரவும். தாள் அதனை உறிஞ்சும்போது இன்னும் கொஞ்சம் பரவும். பளபளப்பான பூச்சுத் தாளில் இந்தப் பரவல் குறைவு. பூச்சற்ற தாளிலும் செய்தித்தாளிலும் மிகுதி. எங்கும் அது சுழியம் ஆவதில்லை. எனவே கறுப்பு எழுத்து, வரைந்தவர் நினைத்ததைவிடச் சற்றே தடித்து நிற்கும். வெள்ளெழுத்தோ நாற்புறமும் நெருக்கப்பட்டு மெலியும். ஒரே எழுத்துருவை, ஒரே அளவில், ஒரே எந்திரத்தில் இருவிதமாக அச்சிட்டால் இரண்டு வெவ்வேறு தடிமன்கள் கிடைப்பது இதனால்தான்.

இதனை ஒரு பொருளில் வைத்துப் பார்ப்போம். நான் ஆய்வு செய்யும் கொல்கத்தாவில் வாங்கிய ஒரு மசாலாப் பெட்டி என் மேசையில் இருக்கிறது. தயாரிப்பாளரின் பெயர் இங்கே தேவையில்லை. பின்புறம் முழுதும் அரக்கு நிறம். அதன்மேல் ஆங்கிலம், இந்தி, வங்கம் ஆகிய மூன்று மொழிகளில் உட்பொருள்களின் பட்டியல், ஏறத்தாழ 6 பாயிண்ட் அளவில், மெல்லிய எழுத்துருவில், வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் அரக்கு ஒரே மையன்று. மெஜந்தாவும் மஞ்சளும் ஏறக்குறைய முழுப்பரப்பாக இறங்கியுள்ளன. நிறத்தை இருளச் செய்யக் கறுப்பு பொடிப்புள்ளிகளாகத் தூவப்பட்டிருக்கிறது. மூன்று மைக்கும் மூன்று தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் அதே எழுத்துகள் அதே இடத்தில் ஓட்டைகளாக விடப்பட்டிருக்க வேண்டும். மூன்று ஓட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர்ந்தால்தான் அடியிலுள்ள அட்டையின் வெண்மை தெரியும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, அதாவது 0.35 மி.மீ. எனவே 6 பாயிண்ட் எழுத்தின் முழுச் சட்டகமே 2.1 மி.மீ.தான். மெல்லிய எழுத்துருவில் இதன் நுண்கோடு 0.08 மி.மீ. தடிமன் கொண்டது என்றும், எழுத்தின் அடியில் இடும் புள்ளியின் விட்டம் 0.18 மி.மீ. என்றும் கொள்வோம். மை ஒவ்வொரு பக்கமும் 0.02 மி.மீ. மட்டும் பரவுவதாக வைத்துக்கொள்வோம். நுண்கோட்டின் இரு கரைகளிலிருந்தும் சேர்த்து 0.04 மி.மீ. போய்விடுகிறது, கோடு பாதியாகிறது. புள்ளியின் விட்டம் 0.14 ஆகிறது, பரப்பில் பத்தில் நான்கு பங்கு கரைந்துவிடுகிறது. இதே பரவல் கறுப்பு எழுத்தில் நேர்ந்திருந்தால் நுண்கோடு 0.12 ஆகவும் புள்ளி 0.22 ஆகவும் வளர்ந்திருக்கும். படிப்பவர் எதையும் கவனித்திருக்கவே மாட்டார்.

இது முதல் இழப்பு. அடுத்தது, தகடுகளின் பிசகு. தாள் ஓர் எந்திரத்தின் வழியே விரைந்து ஓடும்போது ஈரத்தாலும் இழுவிசையாலும் நுட்பமாக நீள்கிறது, நகர்கிறது. மெஜந்தாத் தகட்டின் ஓட்டைக்கும் கறுப்புத் தகட்டின் ஓட்டைக்கும் இடையே 0.1 மி.மீ. விலகல் ஏற்படுவதாகக் கொள்வோம். படத்திலோ பெரிய தலைப்பிலோ இந்த விலகல் கண்ணில் படாது. ஏற்கெனவே 0.04 மி.மீ. ஆகிவிட்ட செங்குத்து நுண்கோட்டில் அது பக்கவாட்டாக நேர்ந்தால், இரு ஓட்டைகளுக்கும் பொதுவான இடமே இல்லை. கோடு முழுதாக மறைகிறது. 0.14 மி.மீ. விட்டமுள்ள புள்ளியில் எஞ்சுவது, அதிகப்படி அகலம் 0.04 மி.மீ. உள்ள ஒரு பிறைக்கீற்று. முப்பது செண்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிக்கும் இயல்பான கண் பிரித்தறியக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 0.09 மி.மீ. அதில் பாதிகூட இல்லாத இந்தக் கீற்று, சுற்றியுள்ள அரக்கோடு கலந்து சற்றே வெளிறிய அரக்காகத் தோன்றும். புள்ளியாகத் தோன்றாது.

மூன்றாவது இழப்பு, தூவிய மையால் வருவது. கறுப்பு பொடிப்புள்ளிகளாக இறங்கியிருக்கிறது என்றேன். அங்குலத்துக்கு 150 வரி என்ற வழக்கமான நுணுக்கத்தில் ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை 0.17 மி.மீ. தூரம். நம் நுண்கோட்டின் தடிமனோ அதில் பாதிதான். ஆகவே அந்தக் கோட்டின் கரையைக் கறுப்பு மை தொடர்ச்சியாக வரைவதில்லை. இங்கொரு புள்ளி, அங்கொரு வெற்றிடம் என்று பல் பல்லாக வெட்டுகிறது. எழுத்து மூடிப்போவது ஒருவகைச் சேதம் என்றால், இப்படித் துண்டுதுண்டாகச் சிதறுவது மற்றொரு வகை.

இந்த மூன்றையும் லென்ஸில் பிரித்தறிவது கடினமன்று. எழுத்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக மெலிந்திருந்தால் அது மைப் பரவல். ஒரு பக்கக் கரையில் இளஞ்சிவப்பும் எதிர்க்கரையில் வேறொரு சாயலும் ஒட்டியிருந்தால் அது தகட்டுப் பிசகு. கரை ரம்பம்போல் இருந்தால் அது தூவிய மை. பிளாஸ்டிக் பொட்டலங்களில் இந்த ரம்பக் கரையை இன்னும் மிகுதியாகக் காணலாம். அவை பெரும்பாலும் கிராவியர் முறையில் அச்சாகின்றன. அதில் சிலிண்டரின் நுண்குழிகளே மையை ஏந்துவதால், முழுப்பரப்பு நிறங்கூடக் குழி குழியாகவே இறங்குகிறது. நீளும் பிளாஸ்டிக் படலத்தில் பிசகும் எளிதில் நேரும்.

இனி மொழிக்கு வருகிறேன்.

அந்தப் பெட்டியின் ஆங்கிலப் பட்டியலும் மெலிந்திருக்கிறது. ஆயினும் அதனைப் படித்துவிடலாம். சிறிய ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் சொல் கெடுவதில்லை. வங்க எழுத்தின் நிலை அப்படியன்று. வங்கத்தில் ரகரத்துக்கும் ஒலிப்புடைய பகரத்துக்கும் உடல் ஒன்றே: மேற்கோட்டில் தொங்கும் ஒரு முக்கோணம். அடியில் ஒரு புள்ளி இருந்தால் ரகரம், இல்லாவிட்டால் பகரம். அந்தப் பட்டியலில் கடுகைக் குறிக்கும் ‘சரிஷா’ என்ற சொல் வருகிறது. என் பெட்டியில் அதன் ரகரத்துக்கு அடியில் புள்ளி இல்லை. லென்ஸில் ஓர் இளஞ்சிவப்புக் கறை மட்டும் தெரிகிறது. எழுத்து எழுத்தாகப் படித்தால் அங்கே இருப்பது ‘சபிஷா’. வங்கத்தில் ‘சபிஷ்’ என்றால் நஞ்சுடையது. கடுகு நஞ்சாகிவிட்டதே என்று எந்த வங்காளியும் அஞ்சப் போவதில்லை. சிரித்துவிட்டுச் சரியாகவே படிப்பார். ஆனால் எழுத்தில் இருப்பதை அவர் படிக்கவில்லை; தமக்கு முன்பே தெரிந்ததைப் படித்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்தியில் ஒரு வினைமுடிபின் தலையிலுள்ள மூக்கொலிப் புள்ளி மறைந்தால் ‘இருக்கின்றன’ என்பது ‘இருக்கிறது’ ஆகிவிடும். தமிழில் நாம் மெய்யெழுத்தையே ஒரு புள்ளியால்தான் அறிகிறோம். ‘பல்பொடி’யின் முதற்புள்ளி போனால் ‘பலபொடி’. ‘எள்’ளின் புள்ளி போனால் ‘எள’. கறுப்பு எழுத்தில் சிறு வளையமாக வரைந்த புள்ளி மையால் நிரம்பினால் திரண்ட புள்ளியாகும், அதனால் கேடில்லை. வெள்ளெழுத்தில் அந்த வளையத்தின் கோடு மூடிக்கொண்டால் புள்ளியே இல்லை. ஆக, இருவகை அச்சும் பிழை செய்கின்றன. ஒன்றின் பிழை மிகல், மற்றதன் பிழை கெடல். நம் எழுத்து முறைகள் மிகலைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் கெடலைப் பொறுப்பதில்லை. பொருளை மாற்றும் குறியை எழுத்தின் மிகச் சிறிய உறுப்பில் ஏற்றி வைத்திருப்பதே இதற்குக் காரணம்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும், அது வலுவானதும்கூட. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதுவது பரவலான வழக்கமாக இருந்தது. அவற்றைப் படித்தவர்கள் இடம்நோக்கி மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்து உணர்ந்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? முடியும், அவர்களுக்கு இருந்தவை நமக்கும் இருந்தால். சுவடியைப் படித்தவர் யாப்பறிந்தவர். பல வேளைகளில் பாடலை முன்பே செவியால் அறிந்தவர். தொடர்ந்த வாக்கியம் அவருக்குத் துணை நின்றது. பொட்டலத்தின் பின்புறத்தில் வாக்கியமே கிடையாது. அங்கிருப்பவை பெயர்கள்: உட்பொருளின் பெயர், வேதிப்பொருளின் பெயர், ஊரின் பெயர். அவற்றோடு எண்கள். முன்பின் தொடர்பு தந்து காப்பாற்ற இயலாத சொற்களையே நாம் மிகப் பொடியாகவும் மிக மெலிதாகவும் இருளில் விடுகிறோம். அதிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதியவரும், புதிதாக அந்த மொழியைக் கற்பவரும், வேற்று மாநிலத் தொழிலாளரும் ஊகத்தின் துணையின்றி எழுத்தை மட்டுமே நம்பியிருக்கிறார்கள்.

இந்தச் சேதம் வடிவமைப்பாளருக்கு ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை? திரை அவரை எதிர்த்திசையில் ஏமாற்றுகிறது. திரையில் வெள்ளெழுத்து என்பது ஒளி. இருளின் நடுவே உள்ள ஒளிக்கோடு கண்ணுக்குச் சற்றே பருத்துத் தெரியும். எனவே அவர் “இது தடிப்பாக இருக்கிறது” என்று நினைத்து மேலும் மெல்லிய எழுத்துருவைத் தேர்கிறார். நானூறு விழுக்காடு பெருக்கிப் பார்த்துச் சரி என்கிறார். ஒப்புதலுக்கு இங்க்ஜெட்டில் எடுத்த மாதிரித் தாளில் ஆஃப்செட் எந்திரத்தின் தகட்டுப் பிசகும் இல்லை. முதன்முறையாக உண்மை தெரிவது, ஆயிரக்கணக்கான பெட்டிகள் அச்சாகி முடிந்த பிறகுதான்.

பொடி எழுத்துக்கென்றே வரைந்த எழுத்துருவும் இங்கே தானாகக் கைகொடுத்துவிடாது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டிக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்த ‘பெல் சென்டினியல்’ 1978-இல் வந்தது. மலிவான தாளில் விரைந்து அச்சாகும் தொலைபேசிப் பட்டியலுக்கானது அது. கோடுகள் கூடும் மூலைகளில் கார்ட்டர் சிறு வெட்டுகளை விட்டார். பரவும் மை அங்கே சென்று நிரம்பி, எழுத்து சரியான வடிவம் பெறும். அந்த எழுத்தை ரிவர்ஸில் இட்டால் வெட்டுகள் மையின் முனைகளாக மாறிவிடும். அவை மேலும் பரவி, கோடுகள் கூடும் இடத்தையே அறுக்கும். ஒரு திசையில் மருந்தாக இருந்தது மறுதிசையில் நோயாகிறது.

தீர்வு என்ன? “எழுத்தைத் தடிப்பாக்குங்கள்” என்பதே வழக்கமான அறிவுரை. அது பாதி உண்மை. நம் கணக்குக்கே திரும்புவோம். நுண்கோட்டை 0.08-இலிருந்து 0.16 மி.மீ. ஆக்கினாலும், பரவல் 0.04-ஐயும் பிசகு 0.1-ஐயும் கொண்டுபோனால் எஞ்சுவது 0.02 மி.மீ. மட்டுமே. மூன்று தகடுகள் இருக்கும்வரை தடிப்பு தனியாகக் காப்பாற்றாது. எனவே முதல் வேலை, எழுத்தைச் சூழ்ந்த பரப்பை ஒரே மையால் அச்சிடுவது. அரக்கு வேண்டுமெனில் அரக்காகவே குழைத்த தனிமை ஒன்றை, அச்சகத்தார் ‘ஸ்பாட் கலர்’ என்பதை, முழுப்பரப்பாக இறக்கலாம். அப்போது பிசகு என்ற பேச்சே இல்லை; தூவலும் இல்லை; 0.16-இல் 0.12 மி.மீ. எஞ்சும். தடிப்பாக்குவது அதற்குப் பிறகுதான் பயன் தரும்.

பல மைகளைச் சேர்த்து ஆழமான கறுப்பு செய்யும் இடங்களில் மற்றொரு வழி உண்டு. எழுத்தின் கரையைக் கறுப்புத் தகடு மட்டும் வரைய, மற்ற தகடுகளின் ஓட்டைகளைச் சற்று அகலமாக வைத்துப் பின்வாங்கச் செய்யலாம். அவை சிறிது நகர்ந்தாலும் எழுத்துக்குள் நுழையா. ஆனால் கரையைத் தாங்க ஓர் இருண்ட முழுமை அங்கே இருந்தாக வேண்டும். என் மேசையிலுள்ள அரக்கில் கறுப்பு வெறும் தூவலாதலால் இந்த வழி செல்லாது. எழுத்தைச் சுற்றி வேற்று நிற வளையம் தோன்றிவிடும்.

இவ்விரண்டும் இயலாதென்றால் எஞ்சுவது மிக எளிய வழி. கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய செய்திக்கு அட்டையில் ஒரு வெளிர்க் கட்டத்தை விட்டு, அதில் கறுப்பால் அச்சிடுவது. இதற்குக் கூடுதல் மையும் வேண்டாம், கூடுதல் தகடும் வேண்டாம். வேண்டியது, அரக்குப் பரப்பின் அழகில் ஒரு சதுரத்தை விட்டுக்கொடுக்கும் மனம்.

விதிகள் இதைச் செய்யச் சொல்லலாமே என்றால், அவை வேறொன்றை அளக்கின்றன. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் இந்திய எடையளவு விதிகள், எழுத்தின் உயரம் 1 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்கின்றன. பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறத்தைக் கேட்கின்றன. கோட்டின் தடிமனுக்கு அங்கே அளவில்லை. ஆகவே 1 மி.மீ. உயரத்தில், அரக்கின்மேல் வெண்மையாக, ஒரு மயிரிழைக் கோட்டால் வரைந்த எழுத்து விதிப்படி குற்றமற்றது. அதே ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய உணவுத் தகவல் விதி, ‘படிக்கத்தக்கது’ என்பதை வரையறுக்கும்போது எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம் ஆகியவற்றோடு கோட்டின் தடிமனையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எண்ணளவை அதுவும் உயரத்துக்கு மட்டுமே தருகிறது. ஆயினும் தடிமன் என்ற ஒன்று கருதத்தக்கது என்றாவது அது ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் விதிகள் கட்டாயமாகக் கேட்பது இந்தியையோ ஆங்கிலத்தையோதான். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்று அனுமதிக்கின்றன. விருப்பத்தின் பேரில் சேர்க்கப்படும் மொழிக்கு மிஞ்சிய இடமும் மிஞ்சிய அளவுமே கிடைக்கின்றன. வங்கத்துக்கும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பெட்டியில் இடம் தந்தோம் என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம். புள்ளி அழிந்த ரகரம் வங்கம் ஆகாது. புள்ளி அழிந்த மெய் தமிழ் ஆகாது. மொழியுரிமை பற்றிப் பேசும் நாம், எந்த மொழியில் அச்சிட்டார்கள் என்பதோடு, அச்சில் எத்தனை எழுத்து எஞ்சியது என்பதையும் கேட்க வேண்டும்.

நான் கேட்பது இரண்டு. இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த கட்டாயச் செய்தி எதுவும் பல மைகள் சேர்ந்த இருண்ட பரப்பில் வெள்ளெழுத்தாக விடப்படக் கூடாது என்று விதி சொல்லட்டும். அது வரும்வரை, பிழைதிருத்தும் பொறுப்பு திரையோடு முடியாமல், எந்திரத்திலிருந்து வரும் முதல் தாள்வரை நீளட்டும். அந்தத் தாளை லென்ஸின் கீழ் வைத்து எழுத்துகளை வாசிக்க வேண்டியதில்லை. புள்ளிகளை மட்டும் எண்ணினால் போதும். கோப்பில் முப்பது புள்ளிகள் இருந்து தாளில் இருபத்தேழு இருந்தால், எந்திரத்தை நிறுத்தலாம்.